நூறாவது இடமும் இருநூற்றைம்பதாவது இடமும்

லார்ஜ்கேப், மிட்கேப், ஸ்மால்கேப் என்ற மூன்று சொற்களும் இன்று டீக்கடைப் பேச்சிலேயே அடிபடுகின்றன. கூடவே சில தவறான நம்பிக்கைகளும் ஊர்ந்து வந்துவிட்டன. அவற்றில் நான்கை எடுத்துப் பார்ப்போம்.

நம்பிக்கை 1: விலை குறைந்த பங்கு ஸ்மால்கேப், விலை உயர்ந்த பங்கு லார்ஜ்கேப்.

உண்மை: ஒரு பங்கின் விலைக்கும் நிறுவனத்தின் அளவுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. பங்கின் விலையை மொத்தப் பங்குகளின் எண்ணிக்கையால் பெருக்கினால் வருவதே சந்தை மதிப்பு. அந்த மதிப்பை வைத்துத்தான் பிரிக்கிறார்கள்.

சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட எம்.ஆர்.எஃப். நிறுவனத்தின் ஒரு பங்கு 2023 ஜூனில் ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டியது. அந்த நிறுவனத்துக்கு மொத்தமே சுமார் 42.4 லட்சம் பங்குகள்தான். பெருக்கினால் சுமார் 42,400 கோடி ரூபாய். அதே மாதம் வோடஃபோன் ஐடியா பங்கு 7, 8 ரூபாய்க்குக் கைமாறியது. ஆனால், அதற்கு 4,800 கோடிக்கு மேல் பங்குகள் இருந்ததால், சந்தை மதிப்பு 35,000 கோடி ரூபாயைத் தாண்டி நின்றது. லட்ச ரூபாய்ப் பங்கும் எட்டு ரூபாய்ப் பங்கும் அன்று ஒரே மிட்கேப் பந்தியில்தான் உட்கார்ந்திருந்தன.

செபி 2017 அக்டோபரில் மியூச்சுவல் ஃபண்டுகளுக்காக இந்தப் பிரிவை வகுத்தது. சந்தை மதிப்பில் முதல் 100 நிறுவனங்கள் லார்ஜ்கேப், 101 முதல் 250 வரை மிட்கேப், 251-இலிருந்து எல்லாமே ஸ்மால்கேப். ஆறு மாத சராசரி மதிப்பைக் கணக்கிட்டு, ஆண்டுக்கு இரண்டு முறை ஆம்ஃபி இந்தப் பட்டியலை வெளியிடுகிறது. ஆக, இது வகுப்பில் ரேங்க் போடுவது போன்ற வரிசை. நிறுவனம் நல்லதா கெட்டதா என்பதற்கான சான்றிதழ் இல்லை. 2024 இறுதிக் கணக்குப்படி, 30,000 கோடி ரூபாய் மதிப்புள்ள நிறுவனம்கூட ஸ்மால்கேப்தான்.

நம்பிக்கை 2: லார்ஜ்கேப் என்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

உண்மை: யெஸ் பேங்க் ஒரு காலத்தில் நிஃப்டி 50 பட்டியலில் இருந்த வங்கி. 2018 ஆகஸ்டில் அதன் பங்கு 400 ரூபாயை ஒட்டி இருந்தது. வாராக்கடன் வெளியே தெரியத் தெரிய விலை கரைந்தது. 2020 மார்ச் 5 அன்று ரிசர்வ் வங்கி கட்டுப்பாடு விதித்து, வாடிக்கையாளர்கள் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாதபடி செய்தது. மறுநாள் பங்கு சுமார் 16 ரூபாயில் முடிந்தது.

இந்த ஒரு பங்கில் மட்டும் பணம் போட்டவருக்கு நூற்றுக்கு நாலு ரூபாய்தான் மிஞ்சியது. முதலீட்டில் ஒரு சதவிகிதத்தை மட்டும் அதில் வைத்திருந்த லார்ஜ்கேப் ஃபண்டுக்கோ அது ஒரு சதவிகித அடிதான். லார்ஜ்கேப்பின் பாதுகாப்பு கூட்டமாக வாங்கும்போதுதான் கிடைக்கிறது. இந்த நிறுவனங்களைப் பல ஆய்வாளர்கள் கவனிக்கிறார்கள். விற்க நினைத்தால் அன்றே வாங்க ஆள் கிடைக்கும். ஸ்மால்கேப்பில் கெட்ட செய்தி வந்தால், காலை மணி அடித்ததுமே லோயர் சர்க்யூட்டில் பூட்டிக்கொள்ளும். விற்க ஆயிரம் பேர் நிற்பார்கள், வாங்க ஒருவரும் இருக்க மாட்டார். திரையில் விலை தெரியும். அந்த விலைக்குப் பணம் கைக்கு வராது.

நம்பிக்கை 3: ஐந்து வருடம் பொறுத்தால் ஸ்மால்கேப் கட்டாயம் முந்திவிடும்.

உண்மை: எந்த வருடம் நுழைந்தீர்கள் என்பதைப் பொறுத்தது. 2008 ஜனவரியில் பி.எஸ்.இ. ஸ்மால்கேப் குறியீடு 14,000 புள்ளிகளைத் தாண்டியிருந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அது 70 சதவிகிதத்துக்கு மேல் இழந்தது. பழைய உச்சத்தை மறுபடி தொட்டது 2017-இல். ஒன்பது வருடம்! சென்செக்ஸும் அதே 2008-இல் பாதிக்கு மேல் விழுந்ததுதான். ஆனால், 2010 தீபாவளி நேரத்திலேயே பழைய உச்சத்துக்கு வந்துவிட்டது. 2017 மார்ச் முடிவில் 29,600 புள்ளிகளில் நின்றது.

காரணம் எளிய கணக்கு. 30 சதவிகிதம் விழுந்ததை மீட்க 43 சதவிகிதம் ஏறினால் போதும். 70 சதவிகிதம் விழுந்ததை மீட்க 233 சதவிகிதம் ஏற வேண்டும். இன்னொரு காரணமும் உண்டு. ஸ்மால்கேப்பில் நன்றாக வளர்ந்த நிறுவனம் அந்தப் பட்டியலை விட்டு மிட்கேப்புக்கு ஏறிப் போய்விடும். மேலே சறுக்கிய நிறுவனம் இங்கே வந்து சேரும். குருவி கூட்டிலிருந்து பறந்துபோன பின் கூட்டை எடைபோடுவது போலத்தான் குறியீட்டின் நிலை.

நம்பிக்கை 4: ஒருமுறை மூன்றிலும் பிரித்துப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

உண்மை: சந்தை நகர நகர, நீங்கள் வைத்த விகிதமும் உங்களைக் கேட்காமலே நகரும். ஒரு கற்பனைக் கணக்கைப் பார்க்கலாம். ஒருவர் 10 லட்சம் ரூபாயை லார்ஜ்கேப் ஃபண்டில் 6 லட்சம், மிட்கேப்பில் 2.5 லட்சம், ஸ்மால்கேப்பில் 1.5 லட்சம் என்று பிரிக்கிறார். முதல் வருடத்திலேயே பெரும் சரிவு வந்து அவை முறையே 30, 40, 60 சதவிகிதம் விழுந்தால், நஷ்டம் 3.7 லட்சம். முழுப் பணமும் ஸ்மால்கேப்பில் இருந்திருந்தால் 6 லட்சம். முன்னவர் பழைய இடத்துக்கு வர 59 சதவிகித ஏற்றம் போதும். பின்னவருக்கு 150 தேவை.

இப்போது மாறாக, மூன்று நல்ல வருடங்கள் வந்து லார்ஜ்கேப் 7.8 லட்சம், மிட்கேப் 4 லட்சம், ஸ்மால்கேப் 3.6 லட்சம் ஆகிறது என்று வையுங்கள். மொத்தம் 15.4 லட்சம். சந்தோஷம்தான். ஆனால் ஸ்மால்கேப்பின் பங்கு 15-லிருந்து 23 சதவிகிதமாகிவிட்டது. பழைய 15 சதவிகிதத்துக்குத் திரும்ப 1.29 லட்சத்தை விற்று லார்ஜ்கேப்புக்கு மாற்ற வேண்டும். அதன் பிறகு முன்சொன்ன அதே சரிவு வந்தால், மாற்றிய பணத்தில் மட்டும் 38,700 ரூபாய் கூடுதலாக மிஞ்சும். விற்ற தொகையில் லாபம் சுமார் 75,000 ரூபாய். ஒரு வருடத்துக்கு மேல் வைத்திருந்த பங்கு ஃபண்டுகளின் லாபத்துக்கு, 2024 ஜூலை முதல் நிதியாண்டுக்கு 1.25 லட்சம் வரை வரி இல்லை. வேறு லாபம் சேராவிட்டால் இதற்கு வரி கட்ட வேண்டியதில்லை.

இந்த 60:25:15 எல்லோருக்கும் பொருந்தாது. ஐந்து வருடத்தில் மகள் கல்லூரிக்குக் கட்ட வேண்டிய பணமென்றால், ஸ்மால்கேப் பங்கைப் பூஜ்யமாக்குவதே சரி. இருபது வருடத்துக்கான ஓய்வுக்காலப் பணமென்றால் கொஞ்சம் கூட்டலாம். விற்கத் தயங்குபவர்கள், பெருத்துப்போன ஃபண்டின் எஸ்.ஐ.பி.யை நிறுத்தி, அந்த மாதத் தொகையை இளைத்த ஃபண்டுக்குத் திருப்பினாலே விகிதம் மெல்ல நேராகும். ஆம்ஃபி பட்டியல் மாறும் ஜனவரியும் ஜூலையும் இதைச் சரிபார்க்க வசதியான மாதங்கள்.