முந்தைய ஆய்வுகள்: நூல்வாரியாக அல்ல, பொருள்வாரியாக

முதுகலை ஆய்வேட்டில் ‘முந்தைய ஆய்வுகள்’ இயலை நம் பிள்ளைகள் பலர் நூலுக்கு ஒரு பத்தியாக எழுதிவிடுகிறார்கள். பத்திகளை இடம் மாற்றினாலும் எதுவும் கெடாது என்றால், அது வெறும் நூல் பட்டியல்தான்.

கோட்டைப்பட்டினம் முஸ்லிம்களின் வணிகத்தை ஒரு மாணவி ஆராய்கிறார் என்று கொள்வோம். அவர் கையில் மூன்று நூல்கள். புதுக்கோட்டை அருங்காட்சியகக் காப்பாட்சியராக இருந்த ஜெ. ராஜா முகமது, சோழமண்டலக் கரை முஸ்லிம்களின் 1750–1900 காலக் கடல்சார் வரலாற்றை எழுதினார். சூசன் பெய்லி 1700–1900 காலத் தென்னிந்திய முஸ்லிம், கிறிஸ்தவ மக்களின் சமய வாழ்வை ஆராய்ந்தார். மாட்டிசன் மைன்ஸ் பல்லாவரம் முஸ்லிம் வணிகர்களைப் பற்றி 1972இல் நூல் வெளியிட்டார்.

ஒரு தாளில் கட்டம் போடுங்கள். மேலே நூல்கள், இடப்பக்கம் வணிகம், சமய வாழ்வு, இடம், காலம். ஒவ்வொரு கட்டத்திலும் அந்நூல் சொல்வதைப் பக்க எண்ணுடன் ஒரு வரியில் எழுதுங்கள். பிறகு குறுக்கே படியுங்கள். வணிகம் பற்றிய பகுதியில் ராஜா முகமதுவும் மைன்ஸும் அருகருகே நிற்பார்கள். எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே வேறுபடுகிறார்கள் என்று எழுத வரும். ஒரே நூல் இரு பகுதிகளில் வருவது தவறல்ல. ஒரு வரிசையில் ஒரு நூல் மட்டும் இருந்தால், இன்னும் தேட வேண்டும்.

இடம், காலம் வரிசைகளைச் சேர்த்துப் பாருங்கள். கடற்கரையை எழுதியவர்கள் 1900உடன் நிறுத்துகிறார்கள்; பிற்காலத்தை எழுதியவர் பல்லாவரத்தை எடுத்துக்கொண்டார். இருபதாம் நூற்றாண்டுக் கரையோர வணிகம் விடுபடுகிறது. மற்ற நூல்களிலும் தேடி, அங்கும் இல்லையென்றால், அதுவே மாணவியின் ஆய்வுக்கான இடம். வாய்மொழித் தேர்வில் “புதிதாக என்ன செய்தாய்?” என்ற கேள்விக்கு விடையும் அதுதான்.