நூலால் அளக்கும் தொலைவு

சுந்தரபாண்டியபுரத்திலிருந்து தென்காசி எவ்வளவு தூரம்? பேருந்தில் போகிறவர் ஒரு கணக்குச் சொல்வார். வயல் வரப்பின் வழியாக நடந்து போகிறவர் வேறு கணக்குச் சொல்வார். இந்த இரண்டையும் நம்பாமல், மேசைமீது ஒரு தாளை விரித்து, ஒரு முழ நூலை வைத்து நாமே அளந்து விடலாம். எளிய வேலைதான். ஆனால் கவனக்குறைவாகச் செய்தால், ஒரு கிலோமீட்டர் தூரமே காணாமல் போய்விடும். அது எப்படிக் காணாமல் போகிறது, அதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று பார்ப்போம்.

நமக்கு வேண்டிய தாளின் பெயர் தலப்படம். 1767-இல் தொடங்கப்பட்ட இந்திய நில அளவைத் துறை இதை வெளியிடுகிறது. தென்காசியும் குற்றாலமும் உள்ள தலப்படத்தின் எண் 58 எச்/5. இது வடக்கு அட்சம் 8 பாகை 45 கலையிலிருந்து 9 பாகை வரையிலும், கிழக்குத் தீர்க்கம் 77 பாகை 15 கலையிலிருந்து 77 பாகை 30 கலை வரையிலும் உள்ள நிலப்பகுதியைக் காட்டுகிறது. சுந்தரபாண்டியபுரத்தை, தென்காசிக்குக் கிழக்கே, தாளின் வடவிளிம்பை ஒட்டிய பகுதியில் தேடுங்கள். நீங்கள் அளக்கும் பாதை 9 பாகைக் கோட்டைத் தாண்டி வடக்கே சென்றால், விளிம்பு வரை அளந்து நூலில் ஒரு குறி இட்டு, அடுத்த தாளான 58 ஜி/8-இல் அதே இடத்திலிருந்து தொடர வேண்டும். பழைய தாளில் மாவட்டத்தின் பெயர் திருநெல்வேலி என்றிருந்தால் வியப்படைய வேண்டாம். தென்காசி தனி மாவட்டம் ஆனது 2019-இல்தான்.

முதலில் தாளின் கீழ் ஓரத்தைப் பாருங்கள். 1:50,000 என்று அச்சிட்டிருக்கும். இதற்குப் பிரதிபின்னம் என்று பெயர். தாளில் 1 செ.மீ. என்பது தரையில் 50,000 செ.மீ., அதாவது 500 மீட்டர். எனவே தாளில் 2 செ.மீ. இருந்தால் தரையில் 1 கி.மீ. தாளில் 1 மி.மீ. தவறினால் தரையில் 50 மீட்டர் தவறும். இந்தக் கடைசி வாக்கியத்தை மனத்தில் இருத்திக் கொள்ளுங்கள். ஊர்க் கால்வாயைத் தூர்வார, மீட்டருக்கு இவ்வளவு கூலி என்று பேசுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அங்கே உங்கள் நூல் 4 மி.மீ. வழுவினால் 200 மீட்டருக்கான கூலி கணக்கில் விட்டுப்போகும்.

பிரதிபின்னத்தைப் படிக்காமல் அளக்கத் தொடங்கக் கூடாது. பழைய தாள்கள் பலவற்றில் 1:63,360 என்று இருக்கும். அவை ஓர் அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற கணக்கில் வரையப்பட்டவை. நூல் 18.6 செ.மீ. என்று காட்டினால், 1:50,000 தாளில் அது 9.3 கி.மீ.; பழைய தாளிலோ ஏறக்குறைய 11.8 கி.மீ. நூல் ஒன்றே, தூரம் வேறு!

இனி நூலை எடுப்போம். இழுத்தால் நீளும் நைலான் நூல் உதவாது. மெல்லிய பருத்தி நூல் அரை மீட்டர் போதும். அதை ஒரு மெழுகுவர்த்தியின்மீது இரண்டு மூன்று முறை தேய்த்து இழுங்கள். மெழுகேறிய நூல் வளைத்த இடத்தில் வளைந்தபடியே நிற்கும், எளிதில் நீளாது. நுனியில் ஒரு சிறு முடிச்சுப் போடுங்கள். முடிச்சைத் தென்காசி இரயில் நிலையக் குறியின்மீது வைத்து இடக்கை விரலால் அழுத்திக்கொள்ளுங்கள். வலக்கை விரல் நகத்தால் நூலைச் சாலையின் நடுவே கொஞ்சம் கொஞ்சமாகப் படிய வையுங்கள். நேரான பகுதியில் இரண்டு மூன்று செ.மீ. ஒரே மூச்சில் போகலாம். வளைவு வந்ததும் அரை செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஒவ்வொரு முறையும் இடக்கை விரல், வலக்கை நகம் இருந்த இடத்துக்கு நகர வேண்டும். ஊசி குத்தித் தாளைத் துளைக்க வேண்டாம். ஊரின் நடுவை அடைந்ததும் நூலில் பேனாவால் ஒரு புள்ளி வையுங்கள்.

இப்போது நூலை எடுத்து நேராக்குங்கள். இழுத்து விறைக்க வேண்டாம். தொய்வு நீங்கினால் போதும். தாளின் கீழே கிலோமீட்டர்க் கோடுகள் போட்ட கோட்டளவை இருக்கும். அதில் சுழிக்கு வலப்புறம் முழுக் கிலோமீட்டர்களும், இடப்புறம் ஒரு கிலோமீட்டரின் சிறு பகுதிகளும் குறிக்கப்பட்டிருக்கும். பேனாப் புள்ளியை ஏதேனும் ஒரு முழுக் கிலோமீட்டர்க் கோட்டில் வைத்து, முடிச்சு சுழியின் இடப்புறத்தில் விழுமாறு பாருங்கள். வலப்புறம் முழுக் கிலோமீட்டர், இடப்புறம் மீதி மீட்டர். நூல் கோட்டளவையைவிட நீளமானால், ஐந்து ஐந்து கிலோமீட்டராகக் குறியிட்டு அளந்து, மீதியை இப்படிப் படியுங்கள்.

ஒரு முறை அளந்தால் போதுமா? போதாது. மூன்று முறை அளக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் புதிதாகத் தொடங்க வேண்டும். உங்களுக்கு 18.4, 18.8, 18.6 செ.மீ. என்று வந்தது என்று வைத்துக்கொள்வோம். சராசரி 18.6 செ.மீ. அதாவது 9.3 கி.மீ. மூன்றுக்கும் இடையே உள்ள பெரிய வேறுபாடு 4 மி.மீ., தரையில் 200 மீட்டர். ஆகவே 9.3 கி.மீ., 100 மீட்டர் முன்பின் என்று சொல்வதுதான் நேர்மையான விடை. 9.327 கி.மீ. என்று சொல்பவர் நூலுக்கு இல்லாத திறமையை அதன்மேல் ஏற்றுகிறார்.

ஆனால் மூன்று அளவைகளும் ஒன்றுபோல் இருந்துவிட்டால், விடை சரிதான் என்று பொருளாகுமா? இல்லை. மூன்று முறையும் ஒரே வகையில் தவறியிருக்கலாம். நூலின் தவறு பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாயும். அது தூரத்தைக் குறைத்தே காட்டும். காரணம் வளைவுகள். ஒரு வளைவில் நூல் சற்றே உட்புறமாக நழுவினால் பாதை சுருங்கிவிடும். சாலையின் நடுவிலிருந்து அரை மி.மீ. உள்ளே தள்ளி நூல் கிடந்தால், முழுதாகத் திரும்பி எதிர்த்திசையில் போகும் ஒரு வளைவில் ஒன்றரை மி.மீ.க்குச் சற்று அதிகமாகக் குறையும். அது தரையில் ஏறக்குறைய 80 மீட்டர்! குற்றாலத்து மலைச்சரிவில் ஏறும் பாதைகளில் இப்படிப் பல வளைவுகள் இருந்தால் என்னவாகும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். போதாக்குறைக்கு, படம் வரைந்தவரும் சிறு நெளிவுகளை விட்டுவிட்டிருப்பார். தரையில் 20 மீட்டர் நெளிவு தாளில் அரை மி.மீ.கூட வராது, அதை வரைய இடமில்லை.

இந்தக் குறைவைக் கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. தலப்படத்தில் முக்கியச் சாலைகளின் ஓரத்தில் தொலைவுக் கற்கள் எண்ணுடன் குறிக்கப்பட்டிருக்கும். உங்கள் பாதையைப் போலவே வளைந்து செல்லும் ஒரு சாலையில், ஐந்து கி.மீ. இடைவெளி உள்ள இரண்டு கற்களைத் தேர்ந்தெடுங்கள். அவற்றுக்கிடையே அதே நூலால் அளந்து பாருங்கள். 10 செ.மீ. வர வேண்டும். 9.8 செ.மீ.தான் வந்தால், உங்கள் கை நூற்றுக்கு இரண்டு பங்கு குறைத்து அளக்கிறது. 10-ஐ 9.8-ஆல் வகுத்தால் 1.02. நம்முடைய 9.3 கி.மீ.யை இதனால் பெருக்கினால் 9.5 கி.மீ. என்று வருகிறது.

சரிவு ஒரு பெரிய தவறைத் தராதா என்று சிலர் கேட்கலாம். தாள் காட்டுவது மேலிருந்து பார்த்த கிடைத்தளத் தூரத்தைத்தான். எனவே மலையேறும் பாதை உண்மையில் அதைவிட நீளம். எவ்வளவு நீளம்? தாளில் 4 செ.மீ. உள்ள, அதாவது 2,000 மீட்டர் உள்ள ஒரு பாதை 15 சம உயரக்கோடுகளைக் கடந்து ஏறுகிறது என்று கொள்வோம். 1:50,000 தாளில் கோடுகளின் இடைவெளி 20 மீட்டர் என்று ஓரத்தில் எழுதியிருந்தால், ஏற்றம் 300 மீட்டர். பித்தகோரசு தேற்றத்தின்படி 2,000-இன் வர்க்கத்தையும் 300-இன் வர்க்கத்தையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் 2,022 மீட்டர். வேறுபாடு 22 மீட்டர்தான். தாளில் அது அரை மி.மீ.கூட இல்லை. மூச்சு வாங்க வைக்கும் ஏற்றம் கணக்கில் இவ்வளவு சிறிது. வளைவில் நழுவும் நூல்தான் பெரிய திருடன்.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. உங்களிடம் இருப்பது அச்சுத் தாளா, நகலா? நில அளவைத் துறையின் 1:50,000 படங்களை 2017 முதல் இணையத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ள முடிகிறது. கடையில் அச்செடுக்கும்போது தாளின் அளவுக்கேற்பப் படம் சுருங்கிவிடலாம். ஆனால் 1:50,000 என்ற எழுத்து சுருங்கியபின்னும் 1:50,000 என்றே நிற்கும். அது அப்போது பொய். கோட்டளவையோ படத்தோடு சேர்ந்து சுருங்கும். ஆகவே அது உண்மையே சொல்லும். நகலில் அளக்கும்போது அளவுகோலை விட்டுக் கோட்டளவையை நம்புங்கள்.

சோதிக்கவும் வழி உண்டு. தாளின் இடது, வலது விளிம்புகளில் 5 கலைக்கு ஒரு குறி இருக்கும். நம் பகுதியில் 5 கலை அட்சம் தரையில் ஏறக்குறைய 9.22 கி.மீ. எனவே சுருங்காத தாளில் அந்த இடைவெளி 18.4 செ.மீ. இருக்க வேண்டும். உங்கள் நகலில் 17.5 செ.மீ. இருந்தால், படம் நூற்றுக்கு ஐந்து பங்கு சுருங்கியிருக்கிறது. அளவுகோலால் கண்ட தூரத்தை 1.05-ஆல் பெருக்க வேண்டும். மேல், கீழ் விளிம்புகளில் 5 கலைத் தீர்க்கம் 18.3 செ.மீ. வர வேண்டும். ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் குறைவாகவும் இருந்தால், படம் கோணலாகச் சுருங்கியிருக்கிறது. அந்த நகலில் அளக்க வேண்டாம்.

செய்து பாருங்கள்: 1:50,000 தாளில் ஒரு கால்வாயை அளந்தபோது நூல் 7.3, 7.5, 7.4 செ.மீ. காட்டியது. அதே கை, 5 கி.மீ. இடைவெளியுள்ள இரண்டு தொலைவுக் கற்களுக்கிடையே 9.8 செ.மீ. காட்டியது. கால்வாயின் நீளம் என்ன?

விடை: சராசரி 7.4 செ.மீ., அதாவது 3.7 கி.மீ. திருத்தம் 1.02-ஆல் பெருக்க, ஏறக்குறைய 3.8 கி.மீ. முன்பின் 50 மீட்டர். தூர்வாரும் கூலியைப் பேசும்போது, 3.7-க்கும் 3.8-க்கும் இடையே உள்ள அந்த நூறு மீட்டர் யாருடைய உழைப்பு என்பதை நினைவில் வையுங்கள்.