கதை நடக்கிறது, வரலாறு நடந்தது

இரண்டாம் உலகப் போரின்போது, சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளமுள்ள இரயில் பாதையை அமைத்தனர். 1942இல் தொடங்கிய அவ்வேலை 1943 அக்டோபரில் முடிந்தது. பேராக் உள்ளிட்ட மாநிலங்களின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து தமிழர்கள் பல்லாயிரவர் அங்குக் கொண்டு செல்லப்பட்டனர். பலர் நோயாலும் பசியாலும் இறந்தனர். இதைக் களமாகக் கொண்டு ஆர். சண்முகம் எழுதிய நாவல் ‘சயாம் மரண ரயில்’.

ஈப்போ மாணவி ஒருத்தி இந்நாவலைப் பற்றி இப்படி எழுதுவதாகக் கொள்வோம்:

“ஜப்பானியர் தொழிலாளர்களைச் சயாமுக்குக் கொண்டு செல்கின்றனர். இளைஞன் ஒருவன் தந்தையைத் தேடிப் புறப்பட்டான். பலர் இறக்கின்றனர்.”

இதைப் படிப்பவர், உண்மையில் இறந்தவர்களையும் கற்பனைப் பாத்திரங்கள் என்றே எண்ணக்கூடும். காலம் இடம் மாறியதே காரணம். திருத்திய வடிவம் இதோ:

“1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் தொழிலாளர்களைச் சயாமுக்குக் கொண்டு சென்றனர். பலர் இறந்தனர். இந்நாவலில், முன்பே கொண்டு செல்லப்பட்ட தந்தையைத் தேடி இளைஞன் ஒருவன் புறப்படுகிறான்.”

வரலாற்று நிகழ்ச்சி ஒருமுறை நடந்து முடிந்தது. ஆகவே, ‘சென்றனர்’, ‘இறந்தனர்’ என இறந்தகாலம் வருகிறது. கதையோ நூலைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நம் கண்முன் நிகழ்கிறது. ஆகவே, ‘புறப்படுகிறான்’ என நிகழ்காலம் வருகிறது. கதை தொடங்குமுன் நடந்ததை மட்டும் ‘கொண்டு செல்லப்பட்ட’ என இறந்தகாலத்தில் குறிக்கிறோம்.

‘தேடி’ என்பது இறந்தகால வினையெச்சமாயிற்றே, அது பிழையில்லையா? இல்லை. வினையெச்சம் தான் கொண்டு முடியும் வினையைச் சார்ந்தே நிற்கும். ‘தேடிப் புறப்படுகிறான்’ என்ற தொடரின் காலத்தை வினைமுற்றே காட்டுகிறது. எனவே, சுருக்கத்தைச் சரிபார்க்கும்போது வினைமுற்றுகளை முதலில் கோடிட்டுப் பாருங்கள்.

ஆய்வைச் சுருக்கும்போதும் இம்முறை பயன்படும். 1877இல் பேராக்கின் கோலகங்சாரில் ரப்பர்க் கன்றுகள் நடப்பட்டன. பின்னர், சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவில் ரிட்லி பால் வெட்டும் முறைகளைச் சோதித்தார். இவை செயல்கள், இறந்தகாலம் பெறுகின்றன. முடிவை எழுதும்போது, “ஒரே வெட்டுவாயை மீண்டும் மீண்டும் மெல்லியதாகச் சீவினால், மரம் பட்டுப்போகாமல் பல ஆண்டுகள் பால் தருகிறது என அவர் ஆய்வு காட்டுகிறது” என்கிறோம். அன்று செய்த சோதனை முடிந்துவிட்டது. மரத்தின் இயல்பு இன்றும் அதுவே.

எல்லா ஆய்வு முடிவுகளுக்கும் நிகழ்காலம் பொருந்தாது. ஒரு தோட்டத்தில் ஓர் ஆண்டில் கூலி குறைந்தது என்பது ஆய்வின் முடிவானால், “கூலி குறைந்தது என ஆய்வு காட்டுகிறது” என்றே எழுத வேண்டும். ஆய்வு இன்றும் காட்டுகிறது; கூலி அன்று குறைந்தது.