நூற்றுக்குப் பத்து யார் எடுத்தார்?

கடைத்தெருவில் நான் எங்கு போய் உட்கார்ந்தாலும், எந்த வியாபாரியின் கணக்கைப் புரட்டினாலும், தவறாமல் காதில் விழுகிற ஒரு வதந்தி உண்டு. கியூஆர் அட்டையில் வாடிக்கையாளர் செலுத்தும் ஒவ்வொரு ரூபாயிலும் வங்கிக்காரன் ஒரு பங்கைச் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கணக்கில் போடுகிறான் என்பது அது. சிலர் நூற்றுக்கு இரண்டு என்கிறார்கள். சிலர் ஐந்து என்கிறார்கள். சென்ற மாதம் என்னிடம் வந்த ஒரு மளிகைக் கடைக்காரர், காகிதமும் பென்சிலும் கையில் வைத்துக்கொண்டு, நூற்றுக்குப் பத்து என்றே சாதித்தார். இத்தனை பேர் இத்தனை விதமாகச் சொல்கிற கணக்கில் ஒருவராவது வங்கிப் புத்தகத்தை வரி வரியாக வாசித்துப் பார்த்ததுண்டா என்று கேட்டால், பதில் கிடைப்பதில்லை.

முதலில் சட்டம் என்ன என்பதைச் சொல்லிவிடுகிறேன். வாடிக்கையாளர் தம்முடைய வங்கிக் கணக்கிலிருந்து யூபிஐ மூலம் கடைக்குச் செலுத்தும் பணத்துக்கு, வியாபாரியிடம் எவ்விதக் கட்டணமும் வசூலிக்கக் கூடாதென்பது 2020 ஜனவரி 1 முதல் அமலில் இருக்கிற விதி. 2023-ஆம் வருஷம் மார்ச் மாதத்தில், முன்பணம் போட்டு வைக்கும் வாலெட்டுகளிலிருந்து 2,000 ரூபாய்க்கு மேல் செலுத்தினால் நிறுவனங்கள் தங்களுக்குள் பகிர்ந்துகொள்ளும் கட்டணம் ஒன்று அறிவிக்கப்பட்டபோது, அதை அரைகுறையாகப் படித்தவர்கள் எல்லா யூபிஐ பரிவர்த்தனைக்கும் கட்டணம் வந்துவிட்டதென்று ஊரெல்லாம் பரப்பினார்கள். மறுப்பு வந்தது, ஆனால் வதந்தி போன வேகத்தில் மறுப்பு போகவில்லை.

இனி அந்தக் கடைக்காரரின் கதைக்கு வருவோம். காவிரிக் கரையில் ஒரு சிற்றூர். தகப்பனார் காலத்துக் கடை. இரவு பத்தரை மணிக்குத்தான் கதவை இறக்குவார். மாதத்தின் முதல் தேதியான திங்கட்கிழமையன்று அவருடைய ஆப் காட்டிய வசூல் 18,640 ரூபாய். மறுநாள் காலை வங்கியில் ஒரே தொகையாக வரவானது 16,771 ரூபாய் 14 காசு. வித்தியாசம் 1,868 ரூபாய் 86 காசு. வகுத்துப் பார்த்தால் நூற்றுக்குப் பத்து சொச்சம்.

“ஐயா, பகல் கொள்ளைங்க இது. நாளைக்கே அட்டையைக் கிழிச்சுப் போட்டுட்டு ரொக்கம்தான்னு எழுதி வச்சிடப் போறேன்” என்றார்.

“கிழிப்பதற்கு முன்னால் ஆப்பில் ‘செட்டில்மென்ட்’ என்றொரு பக்கம் இருக்குமே, அதைத் திறந்து பார்த்தீர்களா?” என்றேன்.

“அதெல்லாம் இங்கிலீஷுல இருக்குங்க” என்றார்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறுமை போய்விடுகிறது. சர்க்கரை மூட்டையில் கால் கிலோ குறைந்தால் மண்டிக்காரரிடம் போய்ச் சண்டை போட்டு வாங்கிவருகிற மனிதர், பதினெட்டாயிரம் ரூபாய்க்குரிய கணக்குப் பக்கத்தை மொழி புரியவில்லை என்று திறக்காமலே இருந்து, திருட்டுப் பட்டத்தை மட்டும் வங்கிக்குத் தாராளமாக வழங்கிவிடுகிறார்.

அவர் கடையில் ஒட்டியிருந்த அட்டை வங்கி நேராகக் கொடுத்ததன்று. நடுவே நின்று பணத்தைத் திரட்டித் தருகிற ஒரு நிறுவனம் கொடுத்தது. இம்மாதிரி அட்டைகளில் வாடிக்கையாளர் செலுத்தும் பணம் அந்தக் க்ஷணமே கடைக்காரருடைய கணக்கில் போய் விழுவதில்லை. ரிசர்வ் வங்கியின் கட்டளைப்படி வங்கியொன்றில் தனியே வைக்கப்பட்டிருக்கும் ஒரு பொதுக் கணக்கில் சேர்ந்து, குறித்த நேரத்தில் மொத்தமாகக் கட்டப்பட்டு, மறுநாள் அவருக்கு அனுப்பப்படுகிறது. கல்லாவின் மேல் இருக்கிற பெட்டி ‘பணம் வந்தது’ என்று கூவுகிறதே, அது இந்த நிறுவனத்துக்குக் கிடைத்த செய்தியைத்தான் கூவுகிறது. கடைக்காரரின் வங்கிப் புத்தகத்தில் வரவானதை அல்ல.

ஆகவே முதற்கேள்வி, நாள் என்பது எப்போது தொடங்கி எப்போது முடிகிறது என்பது. ஆப் காட்டும் வசூல் நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை. அந்த நிறுவனம் அவருக்குக் கணக்குக் கட்டுவதோ இரவு ஒன்பது மணிக்கு. வேறு நிறுவனங்களுக்கு வேறு நேரம் இருக்கும். ஒன்பதுக்கும் பத்தரைக்கும் நடுவே நடக்கிற வியாபாரம், அதாவது பாலும் ரொட்டியும் மறுநாள் இட்லிக்கு உளுந்தும் விற்கிற அந்த ஒன்றரை மணி நேரம், ஆப்பில் இன்றைய வசூலாகவும் வங்கியில் நாளைய கணக்காகவும் நிற்கிறது. திங்கட்கிழமை ஒன்பது மணிக்குமேல் வந்த 2,140 ரூபாயை 18,640-இலிருந்து கழித்து, ஞாயிற்றுக்கிழமை ஒன்பதுக்குமேல் வந்திருந்த 1,310 ரூபாயைக் கூட்டினால், அன்று அனுப்பியிருக்க வேண்டிய தொகை 17,810 ஆகிறது. காணாமற்போனதாக அவர் அழுத தொகையில் 830 ரூபாய் இப்படி நேரத்தினால் மட்டும் ஏற்பட்டது. அதை யாரும் எடுக்கவில்லை.

மீதி 1,038 ரூபாய் 86 காசு என்னவாயிற்று? இது நிஜமாகவே பிடிக்கப்பட்டதுதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பெயர் இருக்கிறது. கூவுகிற பெட்டிக்கு மாத வாடகை 125 ரூபாய், அதன்மேல் நூற்றுக்குப் பதினெட்டு ஜிஎஸ்டி, ஆக 147 ரூபாய் 50 காசு; முதல் தேதியாகையால் அன்று பிடித்தார்கள். பெட்டியை இலவசமென்று நினைத்துக்கொண்டிருந்தவர் இவர். அன்று காலை ஒரு வாடிக்கையாளர் எண்ணெய் டின்னைத் திருப்பிக் கொடுக்க, கடைப் பையன் ஆப்பின் வழியாகவே திருப்பியனுப்பிய 380 ரூபாய் ஒன்று. மற்றொருவர் 2,600 ரூபாய் மாதச் சாமானுக்கு யூபிஐ-இல் இணைத்த ரூபே கிரெடிட் கார்டிலிருந்து செலுத்தியிருந்தார். இதற்கு மட்டும் கட்டணம் உண்டு, ஏனெனில் பணம் வந்தது வங்கிச் சேமிப்பிலிருந்து அன்று, கடனிலிருந்து. சிறு வியாபாரிகளுக்கு 2,000 ரூபாய் வரை இதிலும் கட்டணமில்லை. அதைத் தாண்டியதால் ஒப்பந்தப்படி நூற்றுக்கு இரண்டு வீதம் 52 ரூபாயும், அதற்கு ஜிஎஸ்டி 9 ரூபாய் 36 காசும் போயின.

இவற்றையெல்லாம் எழுதிக் கூட்டிய பிறகும் 450 ரூபாய் உதைத்தது. அந்தப் பக்கத்திலேயே கடைசி வரியில், கடன் தவணை என்று அது இருந்தது. ஆறு வாரங்களுக்கு முன்பு ஆப்பில் ‘உங்களுக்கு 50,000 ரூபாய் கடன் தயார்’ என்று வந்த அறிவிப்பை அவருடைய மகன் அழுத்தி, தகப்பனார் கைரேகை வைத்துச் சம்மதித்து, கொள்முதலுக்குச் செலவழித்தாகிவிட்டது. நாளொன்றுக்கு 450 வீதம் 120 நாள், ஆக 54,000 ரூபாய், அன்றாட வசூலிலிருந்தே கழிந்துகொண்டிருந்தது. கடன் வாங்கியது நினைவிருந்தது. அது தினந்தோறும் இந்தக் கணக்கிலேயே கழிகிறதென்பது தெரியாது. நிஜமாகவே பிடிக்கப்பட்டதில் மிகப் பெரிய பங்கு அவரே சம்மதித்து வாங்கிய கடன்! 50,000-க்கு நான்கு மாதத்தில் 4,000 வட்டி என்றால் சிறிதென்று தோன்றும். ஆனால் அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதால், சராசரியாக அவர் கையில் இருப்பது பாதித் தொகைதான். அந்தப் பாதிக்குக் கணக்கிட்டால் வருஷத்துக்கு நூற்றுக்கு நாற்பத்தெட்டு ரூபாய் அளவில் வருகிறது. கோபப்பட வேண்டிய இடம் இதுதான். இதற்கு அவர் கோபப்படவில்லை.

நம்பிக்கை குலையாதவராய், “ஒரு நாள் இப்படி ஒத்துப் போச்சு, தினமும் ஒத்துப் போகுமா?” என்றார். அதே வாரத்து வியாழக்கிழமையை எடுத்தோம். ஆப் காட்டிய வசூல் 14,200. வங்கியில் வரவு 15,035. வசூலைவிட வரவு 835 ரூபாய் அதிகம்! வியாழன் முகூர்த்த நாளாகையால் புதன் இரவு ஒன்பதுக்குமேல் கடை நெரிந்து 2,960 ரூபாய் வந்திருக்கிறது, வியாழன் இரவு அதே நேரத்தில் 1,675, தவணை 450. கூட்டிக் கழித்தால் காசு பிசகாமல் 15,035. நூற்றுக்கு இத்தனை என்று பிடிப்பவன் சில நாட்களில் தன் கையிலிருந்து போட்டுக் கொடுப்பானா என்று கேட்டேன். அதிகமாக வந்த நாட்களை அவர் கவனித்ததே இல்லை. குறைந்த நாட்கள் மட்டும் மனத்தில் பதிந்திருந்தன. வதந்தி இப்படித்தான் உயிர் வாழ்கிறது.

அவருடைய கைநோட்டில் திங்கட்கிழமை விற்பனை ஆப்பைவிட 275 ரூபாய் கூடுதலாக இருந்ததற்குக் காரணம் வேறு. ஒருவருடைய கணக்கில் பணம் கழிந்துவிட்டது, பெட்டி கூவவில்லை, அவர் தம் போனைக் காட்டினார், இவர் சாமானைக் கொடுத்துவிட்டார். ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் உத்தரவுப்படி, கடைக்கு உறுதிச் செய்தி வராத அம்மாதிரிப் பணம் ஐந்து நாட்களுக்குள் செலுத்தியவருக்கே தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் நஷ்டஈடும் அவருக்கே. ஆகவே அந்த 275 கடைக்காரருக்கு வரப்போவதில்லை. தெரிந்த வாடிக்கையாளரிடம் கேட்டு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான்.

மற்ற வதந்திகளுக்கு அதிக மை செலவழிக்க வேண்டியதில்லை. 2,000 ரூபாய்க்குமேல் யூபிஐ செலுத்தினால் ஜிஎஸ்டி என்பது பொய்; 2025 ஏப்ரலில் நிதி அமைச்சகமே மறுத்தது. வாடிக்கையாளர் காட்டும் ஸ்கிரீன்ஷாட் பணம் வந்ததற்கு ருசு என்பது அபாயகரமான பொய். அதைப் போலியாகச் செய்ய ஆப்களே உலவுகின்றன. பணம் வாங்குவதற்கு ரகசிய எண் போட வேண்டுமென்று எவனாவது சொன்னால், அவன் உங்களிடமிருந்து எடுக்க வந்தவன்.

சரிபார்க்கும் முறை எளியது. ஒவ்வொரு யூபிஐ பரிவர்த்தனைக்கும் 12 இலக்க எண் ஒன்று உண்டு. சந்தேகமான தொகையை அந்த எண்ணைக் கொண்டு செட்டில்மென்ட் பக்கத்தில் தேட வேண்டும், மொத்தத்தைக் கொண்டல்ல. அதிலும் காணவில்லையென்றால் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார். முப்பது நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in என்ற தளத்தில் மனுச் செய்யலாம்.

ஆனால் நான் நெடுநாளாகச் சொல்லிவருவது வேறொன்று. நம் முன்னோர் கடைகளில் நாள்வழி என்றொரு நோட்டு இருந்தது. விளக்கேற்றிக் கல்லாவை எண்ணியபின் அன்றன்றைய வரவு செலவை அதில் எழுதாமல் யாரும் கடையைப் பூட்டமாட்டார்கள். இப்போது போன் கணக்குப் போடுகிறதென்று அந்த நோட்டைத் தூக்கியெறிந்துவிட்டார்கள். அந்தக் கடைக்காரரிடம், இரவு ஒன்பது மணிக்கு ஆப்பில் காட்டும் தொகையோடு முந்தின இரவு ஒன்பதுக்குமேல் வந்ததைக் கூட்டி ஒரு வரியிலும், மறுநாள் வந்த வரவை அடுத்த வரியிலும், நடுவே பிடித்தவற்றைப் பெயர் சொல்லியும் எழுதச் சொன்னேன். கூடவே, செட்டில்மென்ட் பக்கத்தைத் தமிழில் தரும்படி அந்த நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கினேன்; கடன் தருகிற அறிவிப்பை மட்டும் அவர்கள் நல்ல தமிழில் அனுப்பியிருந்தார்கள்.