மூன்று பெயர், ஒரு கையொப்பம்

இரவு மணி இரண்டு. ஜார்ஜ்டவுன் லெபோ பந்தாயில் உள்ள அலுவலகத்தின் மாடியில் மீனா மட்டும் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். பழைய பிறப்புப் பதிவேடுகளைக் கணினியில் ஏற்றுவது இரவுப் பணியாளர்களின் வேலை. பகலில் அந்தப் பதிவேடுகளைப் பொதுமக்களுக்காக எடுக்க வேண்டியிருக்கும்.

1938ஆம் ஆண்டின் பதிவேட்டில், தாயின் பெயர் இருந்த கட்டத்தில் அவள் விரல்கள் நின்றன. Alakammal. தந்தையின் பெயரும் ‘துறைமுகக் கூலி’ என்ற தொழிலும் எங்கோ பார்த்தவை. அவள் முந்தைய நாள்களின் பதிவுகளைத் தேடினாள். 1931இல் அதே தந்தை; ஆனால், தாய் Alagamah. 1934இல் Allagamma.

மூவரும் ஒருவர்தானா?

மீனா அந்தப் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தாள். அழகம்மாள். பேச்சில் இறுதி ‘ள்’ மறைந்துவிடும். ஆங்கிலத்தில் ‘ழ’ இல்லை. ஓர் எழுத்தர் ஒரு l போட்டார், இன்னொருவர் இரண்டு போட்டார். காதால் கேட்டவர்கள் g என எழுதினர். மூன்றாமவருக்குத் தமிழ் எழுத்துத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் ‘க’வுக்கு k இட்டு, விடுபட்ட ‘ள்’ளையும் சேர்த்திருக்கிறார்.

இது ஊகந்தான். முகவரியும் பொருந்தவில்லை. முதல் இரண்டிலும் சூலியா தெரு. மூன்றாவதில் வேறு தெரு. அவள் மூன்று பதிவேடுகளையும் மேசையில் விரித்து வைத்தாள். தகவல் தந்தவரின் கையொப்பக் கட்டத்தில் பலர் பெருவிரல் ரேகை பதித்திருந்தனர். இந்த மூன்று பக்கங்களில் மட்டும் தாயே வந்து தமிழில் கையொப்பமிட்டிருந்தார். ஒவ்வொன்றிலும் ‘ழ’வின் வால் அடிக்கோட்டையும் தாண்டி நீண்டு சுழித்திருந்தது.

“சார், மூன்றையும் ஒரே எழுத்துக்கூட்டலாக மாற்றிவிடலாமா?” என்று மேற்பார்வையாளரிடம் கேட்டாள்.

“வேண்டாம்மா. அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவர் கையிலும் இருக்கும் பிறப்புப் பத்திரத்தில் அன்று எழுதியதுதானே இருக்கும்? நீ மாற்றினால், பத்திரத்தைப் பார்த்துத் தேடுகிறவருக்குப் பதிவு கிடைக்காது. உள்ளபடியே தட்டு.”

“மூவரும் உடன்பிறந்தவர்கள் என்று நிரூபிக்க வேண்டி வந்தால்?”

“அதைக் குடும்பத்தார் சத்தியப் பிரமாணம் செய்து கேட்க வேண்டும். நாம் முடிவு செய்ய முடியாது. ஆனால், குறிப்புக் கட்டம் இருக்கிறதே.”

மீனா மூன்று பெயர்களையும் எழுத்துப் பிசகாமல் தட்டினாள். ஒவ்வொரு பதிவின் குறிப்பிலும் மற்ற இரண்டின் ஆண்டு, பதிவெண், பக்கம் ஆகியவற்றைச் சேர்த்தாள். கடைசியாக, ‘தாயின் தமிழ்க் கையொப்பம் மூன்றிலும் ஒத்திருக்கிறது, மூலத்தைப் பார்க்கவும்’ என எழுதினாள். பிறகு, 1938ஆம் ஆண்டுப் பதிவேட்டின் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள்.