நீங்கள் தூங்கும்போதும் உங்கள் வேலை நடக்க வேண்டுமா?

வீட்டிலுள்ள கம்ப்யூட்டரிலிருந்தே வெளிநாட்டு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்ய இப்போது பலருக்கு வாய்ப்பு கிடைக்கிறது. நானும் கல்லூரி இறுதியாண்டில், 2025 ஜனவரி முதல் மூன்று மாதங்கள், மதுரையில் இருந்தபடி கலிஃபோர்னியாவிலுள்ள ஒரு குழுவுடன் வேலை செய்தேன். முதல் வாரத்தில் நான் செய்த தவற்றை நீங்கள் செய்யாமலிருக்கவே இந்தக் கட்டுரை.

குளிர்காலத்தில் கலிஃபோர்னியா நேரம் நம் நேரத்தை விட பதிமூன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும். நமக்கு காலை 11 மணி என்றால் அங்கே முந்தைய நாள் இரவு 9.30. திங்கள் காலை 11 மணிக்கு என் மேற்பார்வையாளருக்கு, "சார், எக்ஸெல் ஃபைலில் ஒரு சந்தேகம்" என்று மட்டும் அனுப்பினேன். "என்ன சந்தேகம்?" என்ற பதில் வந்தபோது இங்கே இரவு 10.30. நான் தூங்கிவிட்டேன். செவ்வாய் காலையில் சந்தேகத்தை எழுதினேன். விடை என் கைக்கு வந்தது புதன் காலையில். ஒரே கேள்விக்கு இரண்டு நாட்கள்! அந்த இரண்டு நாளும் நான் என்ன செய்தேன் என்று அங்கே யாருக்கும் தெரியவில்லை.

எனவே, திருப்பிக் கேள்வி கேட்கத் தேவையில்லாதபடி எழுதுங்கள். என் சந்தேகம் இதுதான். அவர்கள் அனுப்பிய பட்டியலில் தேதிகள் 03/04/2024 என்பது போல் இருந்தன. நம் கம்ப்யூட்டரில் இந்திய முறை அமைப்பு இருந்தால் எக்ஸெல் இதை ஏப்ரல் 3 என்று எடுத்துக்கொள்ளும். அமெரிக்காவில் அது மார்ச் 4. ஆனால் 02/13/2024 போன்றவற்றில் 13-வது மாதம் இல்லாததால், அவை தேதியாக மாறாமல் வெறும் எழுத்தாகவே நின்றுவிடும். தேதிகள் செல்லின் வலது ஓரத்திலும், எழுத்துகள் இடது ஓரத்திலும் நிற்பதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம்.

இதை இப்படி எழுதியிருக்க வேண்டும்: "தேதி காலத்தில் சில தேதிகள் இடது ஓரத்தில் நிற்கின்றன, படம் இணைத்துள்ளேன். மாதம்தான் முதலில் வருகிறது என்று நினைக்கிறேன். சரிதானா? பதில் வரும் வரை ஒரு நகலில் அப்படியே வைத்துத் தொடர்கிறேன். மூல ஃபைலைத் தொடவில்லை." கேள்வி, ஆதாரம், என் ஊகம், பதில் வரும்வரை நான் செய்யப்போவது ஆகிய நான்கும் இதில் உள்ளன. "ஆமாம்" என்ற ஒரு சொல் போதும். பதிலே வராவிட்டாலும் வேலை நிற்காது. ஆனால் அழித்தால் மீட்க முடியாத விஷயங்களில் மட்டும் ஊகத்தில் இறங்காமல் காத்திருங்கள்.

இரண்டாம் வாரம் முதல், வேலை முடிந்ததும் தினமும் ஒரு குறிப்பு எழுதினேன். இன்று முடித்தது, அந்த ஃபைல் இருக்கும் இடம், என்னைத் தடுத்து நிறுத்தியிருப்பது, நாளை செய்யப்போவது என நான்கு வரிகள்தான். அதைத் தனியாக ஒருவருக்கு அனுப்பாமல் குழு முழுவதற்கும் அனுப்பினேன். மேற்பார்வையாளர் விடுப்பில் இருந்தால் வேறொருவர் பதில் தருவார்.

குறிப்பு அவர்களின் இரவில் போய்ச் சேர்ந்தால் மற்ற கடிதங்களுக்கு அடியில் போய்விடும். ஜிமெயிலில் Send பட்டனை ஒட்டியுள்ள சிறிய அம்புக்குறியை க்ளிக் செய்து, Schedule send என்பதைத் தேர்ந்தெடுங்கள். நான் நம் நேரம் இரவு 10 மணி என்று கொடுத்தேன். அங்கே அது காலை 8.30. அவர்கள் வேலையில் அமரும்போது என் குறிப்பு மேலே இருந்தது.

கடைசியாக ஒரு எச்சரிக்கை. வாரக் கூட்டம் திங்கள்தோறும் நம் நேரம் இரவு 11 மணி என்று செல்போனில் அலாரம் வைத்திருந்தேன். மார்ச் 10 அன்று இரவு 11 மணிக்கு நுழைந்தால் கூட்டம் முடிந்திருந்தது! அமெரிக்காவின் பெரும்பாலான பகுதிகளில் மார்ச் இரண்டாவது ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பின்னே கொண்டுவருவார்கள். நாம் மாற்றுவதில்லை. அதனால் இடைவெளி பன்னிரண்டரை மணி நேரமாகக் குறைந்து, கூட்டம் நமக்கு 10 மணிக்கே தொடங்கிவிட்டது.

இதைத் தவிர்க்க, விண்டோஸ் 11-இல் டாஸ்க்பாரிலுள்ள கடிகாரத்தில் ரைட் க்ளிக் செய்து Adjust date and time என்பதைத் தேர்ந்தெடுங்கள். வரும் பக்கத்தின் கீழ்ப்பகுதியில் Additional clocks இருக்கும். அதில் Show this clock என்பதை டிக் செய்து, Pacific Time (US & Canada) என்பதைத் தேர்ந்தெடுத்து, ஒரு பெயரும் கொடுத்து OK செய்யுங்கள். இனி கடிகாரத்தின் மேல் மவுஸை வைத்தாலே அவர்களின் நேரம் தெரியும். கோடை மாற்றத்தை விண்டோஸே பார்த்துக்கொள்ளும். இரவு 10 மணி என்று நாம் குறித்த இமெயில் நேரத்தை மட்டும் நாமேதான் 9 மணியாக மாற்ற வேண்டும்.