மூன்று டிவிக்கு இந்த வைஃபை தாங்குமா?

சீர்காழிப் பக்கத்துப் பழைய வீடுகளில் ஃபைபர் ஒயர் நுழையும் ரேழியிலேயே ரூட்டரை மாட்டிவிடுகிறார்கள். பின்கட்டு டிவிக்குப் போவதற்குள் கனத்த செங்கல் சுவர்கள் சிக்னலைத் தின்றுவிடும்.

நெட்ஃபிளிக்ஸ் கணக்கில் 4கே படத்துக்கு 15 Mbps, ஃபுல் ஹெச்டிக்கு 5. இரண்டு 4கே டிவி, ஒரு ஹெச்டி டிவி என்றால் 35. செல்போன்களுக்கும் சேர்த்து 50 இருந்தால் நிம்மதி.

இரவு 9 மணிக்கு டிவிகளை அணைத்துவிட்டு, வைஃபையில் இருக்கும் போனில் fast.com திறந்து, ரூட்டர் அருகிலும் ஒவ்வொரு டிவி அருகிலும் அளந்து பாருங்கள். ரூட்டரடியில் 60, பின்கட்டில் 12 என்று வந்தால் லைனில் குறையில்லை. பிளானை உயர்த்துவது வீண்செலவு. ரூட்டரைக் கூடத்தில், ஆள் உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள். பீரோ பக்கம் வேண்டாம், இரும்பு சிக்னலை மறிக்கும். அப்படியும் எட்டாத டிவிக்கு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள்.

ரூட்டரடியிலேயே 30தான் வருகிறதென்றால், அப்போது பிளானை மாற்றுங்கள்.